மூன்றாம் முறை

பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, வாறுகாலை மூடிய கல்பலகை மேல் செல்லத்துரையின் டீக்கடை நிற்கிறது. பதினேழு வருஷமாக நிற்கிறது. நகராட்சிப் பதிவேட்டில் மட்டும் அங்கே கடை இல்லை.

தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. செல்லத்துரை அதிகாலை நாலுக்குப் பாய்லர் பற்றவைத்துப் பத்து மணிக்கு அடைப்பவர். சாயங்காலம் மூன்றுக்கு மேல்தான் மறுபடி திறப்பார். வந்தவர் கடையையும் ஆளையும் சேர்த்துச் செல்போனில் படம் எடுத்தாக வேண்டும். கடையில் தார்ப்பாய் போர்த்தியிருந்தது, ஆளைக் காணோம். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அட்டை கிடைக்கவில்லை. அட்டை இல்லாதவர்களுக்கு வங்கிக் கடனுக்காகக் கொடுக்கும் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கவில்லை. அதற்கு விண்ணப்பித்தால், “இந்த இடத்தில்தான் கடை போடுகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் என்ன?” என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்கள்.

சுகாதார ஆய்வாளர் கலைவாணிக்கு அன்று காலை ஐந்தரைக்கே நாள் தொடங்கிவிட்டது. மூன்று வார்டு. வருகைப் பதிவில் தூய்மைப் பணியாளர் நாலு பேர் குறைவு, பேட்டரி வண்டி ஒன்று சார்ஜ் ஏறவில்லை. குப்பை அள்ளுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எட்டு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஏற வேண்டும். பதினொரு மணிக்குப் பிளாஸ்டிக் பறிமுதல் அறிக்கை: எத்தனை கிலோ, எத்தனை ரசீது, எவ்வளவு ரூபாய். முந்தின நாள் அவள் எழுதிய ரசீது இரண்டு. குழுவில் ஆணையர் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

பிளாஸ்டிக் மொத்தமாக இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கிட்டங்கி. அங்கே போனால் பூட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும், சாட்சி வேண்டும், பறிமுதல் மகஜர் எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் கவுன்சிலரிடமிருந்து போன் வரும். அரை நாள் போய்விடும், அறிக்கையில் அது ஒரு ரசீதுதான். டீக்கடை என்றால் பத்து நிமிஷம்.

ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டியை மரத்தடியில் நிறுத்தினாள். பின்னாலேயே மேற்பார்வையாளர் பாண்டி சாக்குப் பையோடு வந்தார்.

“வாங்க மேடம். டீ போடவா?”

“வேண்டாம் அண்ணாச்சி.” தன் வார்டுக் கடைகளில் அவள் எதுவும் குடிப்பதில்லை. பாண்டிக்கு அந்த விரதம் கிடையாது. அவர் கிளாஸை வாங்கிக்கொண்டார்.

கலைவாணி ஒரு காகிதக் கப்பை எடுத்து நடுவில் கிழித்தாள். வெந்நீரில் முக்கி நகத்தால் சுரண்டினாள். உள்பக்கத்திலிருந்து மெல்லிய படலம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

“இது பிளாஸ்டிக்தான அண்ணாச்சி? 2019-லயே தடை பண்ணியாச்சு.”

“தெரியும் மேடம். உக்காந்து குடிக்கிறவுகளுக்குக் கண்ணாடி கிளாஸ்தான் குடுக்கேன். பஸ் டிரைவரு இறங்கவா நேரம்? ஜன்னல் வழியா வாங்கிட்டுப் போயிருதாக. கிளாஸுல குடுத்தா கிளாஸும் சேந்து போகுது.” செல்லத்துரை ஆற்றிய டீயை நீட்டிவிட்டுத் திரும்பினார். “இன்னொண்ணும் சொல்லுதேன். கொரோனா சமயத்துல இதே ஆபீஸ்லருந்து வந்து, ஒரே வாளித் தண்ணியில கிளாஸைக் கழுவுத, காகிதக் கப்பு வாங்குன்னு சொன்னாக. காலையில மட்டும் இருநூறு டீ. அத்தனை கிளாஸையும் ஒழுங்காக் கழுவ நாலு குடம் தண்ணி வேணும். குழாய்க்கு மனுக் குடுத்தா வீட்டு வரி ரசீது கேக்காக. வாறுகாலுக்கு ஏது மேடம் வீட்டு வரி?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை. குழாய் இணைப்பு பொறியியல் பிரிவு. கடை நிற்கும் இடம் நகரமைப்புப் பிரிவு. சாக்குப் போட்டு மூடியும் அடியில் சிவப்பாகத் தெரிந்த வீட்டு சிலிண்டர் வட்ட வழங்கல் பார்க்க வேண்டியது. சிலிண்டரை அவள் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் கப்புக்கே திரும்பினார்கள்.

பாண்டி இரண்டு கட்டுக் கப்பைச் சாக்கில் போட்டார். கலைவாணி ரசீதுப் புத்தகத்தை விரித்தாள். முதல் முறை என்றால் 100 ரூபாய், இரண்டாம் முறை 200, மூன்றாம் முறை 500. போன வருஷ அடிக்கட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்து எழுதுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. எது முதல் முறை என்பது எழுதுகிற பேனாவுக்குத்தான் தெரியும்.

“முதல் தடவைன்னு போட்டுருதேன். நூறு ரூபா குடுங்க.”

“மூணாவதுன்னு போடுங்க மேடம்.”

பாண்டி டீயிலிருந்து தலையைத் தூக்கினார்.

“போன வருஷம் ஒண்ணு போட்டாக, தீவாளிக்கு முன்னால ஒண்ணு. ரெண்டு ரசீதும் பத்திரமா இருக்கு. ரெண்டுலயும் இடம்ங்கிற கட்டத்துல வார்டு 14-ன்னு மட்டுந்தான் எழுதியிருக்கு. வார்டு 14 மேலத்தெரு வரைக்கும் இருக்குல்லா? இதுல மட்டும் பழைய பஸ் ஸ்டாண்டு எதிர்ல, வேப்பமரத்தடின்னு எழுதிக் குடுங்க. ஐந்நூறு குடுத்துருதேன்.”

இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அபராதம் போட்ட அலுவலகம், அந்த இடத்தில் கடையே இல்லை என்று பிறகு சொல்ல முடியாது. 2014-ஆம் வருஷச் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை வியாபாரியை எழுப்பக் கூடாது. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். பயிற்சியில் சொன்னார்கள். அதே வரிசையில் வாறுகாலை அகலப்படுத்தும் கோப்பு நகரமைப்புப் பிரிவில் ஓடிக்கொண்டிருப்பதும் அவளுக்குத் தெரியும். “ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை” என்று அதில் ஒரு வரி. நாளைக்கு இந்த ரசீதைத் தூக்கிக்கொண்டு யாராவது நீதிமன்றம் போனால், கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

“மேடம், வார்டு நம்பர் போதும்,” என்றார் பாண்டி மெதுவாக. “எப்பவும் அப்படித்தான எழுதுதோம்?”

எழுதாமல் விட்டால் தப்பு இல்லை. எழுதினாலும் தப்பு இல்லை. இடம் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. மணி எட்டாக ஐந்து நிமிஷம். படங்கள் இன்னும் ஏறவில்லை.

அவள் எழுதினாள். பெயர்: செல்லத்துரை. தொழில்: டீக்கடை. இடம்: வார்டு 14, ப.பே.நி. எதிரில். வேப்பமரத்தை விட்டுவிட்டாள். கார்பன் தாள் நழுவியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, முறை: மூன்று, தொகை: 500 என்று முடித்துத் தேதியோடு கையெழுத்துப் போட்டாள்.

செல்லத்துரை கல்லாவிலிருந்து பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுத்தார். ரசீதை இரண்டு தடவை படித்தார். “மரத்தையும் போட்டிருக்கலாம்,” என்றார்.

“இவ்வளவுதான் அண்ணாச்சி முடியும்.”

பக்கத்தில் இட்லி விற்கும் மாரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் அட்டை கிடையாது.

“எனக்கும் ஒண்ணு போடும்மா.”

“நீங்க வாழை இலையிலதான குடுக்கீங்க? உங்ககிட்ட பிளாஸ்டிக் எதுவும் இல்லையேக்கா.”

மாரியம்மாள் பாண்டியின் சாக்கிலிருந்து ஒரு கட்டுக் கப்பை உருவி, தன் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்தாள். “இப்ப இருக்குல்லா?”

பதினொரு மணி அறிக்கைக்கு ரசீது ஒன்றுதான் ஆகியிருந்தது. கலைவாணி புத்தகத்தின் அடுத்த தாளைப் புரட்டினாள்.

பாண்டி காலி கிளாஸைப் பலகையில் வைத்தார். “இவுகளுக்கு முதல் தடவையா மேடம், மூணாவது தடவையா?”