கடையின் 25-ஆம் ஆண்டு நாளில் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். மாமா, மாமி, அண்ணா, அக்கா, சார், எல்லோரும் வாருங்கள், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பெரியவர்களுக்கு ஹீட்டர் பக்கம் நாற்காலி போட்டிருக்கிறோம். காபி தயாராகிக்கொண்டிருக்கிறது. அது வருவதற்குள் நான் பேசி முடித்துவிடுகிறேன்.

2001 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மலை மந்திரில் அர்ச்சனை செய்த தேங்காயைக் கொண்டுவந்து இந்த ஷட்டரைத் திறந்தேன். இந்தத் தையோடு 25 வருடம் முடிகிறது. திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்து, கரோல்பாக்கில் ஒரு கடையில் எட்டு வருடம் பொட்டலம் கட்டியவன் நான். ராமகிருஷ்ணபுரத்தில் தமிழர் குவார்ட்டர்ஸ் நிறைய இருக்கிறது, பொன்னி அரிசியும் நல்லெண்ணெயும் வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் வந்தேன். கடை நடத்துவது என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தது நீங்கள்.

இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அந்த முதல் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்றாள். ஊரில் ராத்திரி அரைத்து வைத்தால் விடியும்போது பொங்கி வழியும். இங்கே ஐந்து டிகிரி குளிர். காலையில் திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. மூன்று நாள் மாவைக் கொட்டினோம். நான்காம் நாள் செக்டர் மூன்று மாமி அரிசி வாங்க வந்தார்கள். என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து பாத்திரத்தில் கை விட்டுப் பார்த்தார்கள். "உப்பை இப்போதே ஏன் போட்டாய்? குளிர்காலத்தில் பொங்கின பிறகுதான் உப்பு. உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடு. வெந்தயம் ஒரு பிடி கூட. அப்புறம் பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வை" என்றார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் இருந்த ஒரே ரஜாய் மாவுப் பாத்திரத்துக்குப் போனது. காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு நின்றது. இன்றைக்கும் டிசம்பர், ஜனவரியில் அதே முறைதான். நீங்கள் "மாவு நன்றாக இருக்கிறது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மாமியின் கைதான் ஞாபகம் வரும்.

காபிப்பொடியும் அப்படித்தான். பீபெரியும் பிளான்டேஷன் ஏ-வும் பாதிக்குப் பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது என்ற இந்தக் கலவை என் கண்டுபிடிப்பு இல்லை. செக்டர் எட்டு மாமா ஒரு மாதம் முழுக்கத் தினமும் ஐம்பது கிராம் வாங்கிப் போய், மறுநாள் வந்து "கசப்பு கொஞ்சம் தூக்கல்", "இன்றைக்கு மணம் வந்துவிட்டது, திடம் இல்லை" என்று சொல்லிச் சொல்லி நிறுத்திய அளவு அது. மாமா இப்போது இல்லை. அவர் மகள் குருகிராமிலிருந்து வந்திருக்கிறார்கள். அம்மா, உங்கள் அப்பா சொன்ன அளவை இன்றுவரை ஒரு கிராம்கூட மாற்றவில்லை.

இதோ மேசையில் சிவப்புத் துணி சுற்றி வைத்திருப்பது கடையின் முதல் பற்று நோட்டு. அதில் ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2004-இல் ஒரு சார் திடீரென்று ஷில்லாங்குக்கு மாற்றலாகிப் போனார். 312 ரூபாய் பாக்கி. நான் கேட்கவில்லை, கேட்க முகவரியும் இல்லை. மூன்று வாரம் கழித்து மணியார்டர் வந்தது, 390 ரூபாய்க்கு. கூப்பனில் இரண்டு வரி எழுதியிருந்தார்: "தேங்காயெண்ணெய் ஒரு லிட்டர் எழுத மறந்துவிட்டீர்கள். அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்." அந்தக் கூப்பனை அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். கடன் கொடுக்க யோசிக்கும்போதெல்லாம் அதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

ஒரு பொங்கலுக்குப் பனிமூட்டத்தில் ரயில் ஒன்றரை நாள் தாமதம். மஞ்சள் கொத்து வாடி, வாழை இலை பாதி பழுத்து வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். ஒருவர்கூட வாங்கவில்லை. "ஊரிலிருந்து வந்த இலை, பழுத்தால் என்ன" என்று எடுத்துப் போனீர்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மளிகைக்கடை திறக்க அனுமதி இருந்தது, ஆனால் சரக்கு வரவில்லை, கையில் பணமும் இல்லை. கேட்காமலே பலர் இரண்டு மாதப் பணத்தை முன்கூட்டியே அனுப்பினீர்கள். மறு வருடம் ஏப்ரலில் நானும் மனைவியும் ஒன்றாகப் படுத்துவிட்டோம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த உங்கள் பெண் ஒருத்தி பதினாறு நாள் இந்தக் கல்லாவில் உட்கார்ந்து, பைசா பிசகாமல் கணக்கு எழுதினாள். பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரி, சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து இருக்கும் நோட்டை நான் யாருக்கும் தர மாட்டேன்.

நம் கடைப் பையன்கள் இருவருக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள். ஒருவர் பதினொரு வருடமாக இருக்கிறார், இன்னொருவர் ஆறு வருடமாக. இந்த மாதம் இருவருக்கும் இரட்டைச் சம்பளம்.

இப்போது உங்களுக்கு. இது சலுகை இல்லை, உங்களுக்குச் சேர வேண்டியது. முதல் நோட்டில் பெயர் இருக்கும் பதினான்கு குடும்பங்களுக்கும் கும்பகோணத்தில் சொல்லி வாங்கிய பித்தளை ஃபில்டர் ஒன்று, அதோடு அடுத்த பன்னிரண்டு மாதமும் மாதம் கால் கிலோ காபிப்பொடி. பத்து வருடத்துக்கு மேல் பற்று வைத்திருக்கும் எல்லோருக்கும் சித்திரை முதல் நாள் வரை காபிப்பொடியிலும் மாவிலும் பத்து சதவீதம் குறைவு. கார்டு எதுவும் வேண்டாம், கல்லாவில் போன் நம்பரைச் சொன்னால் போதும். 75 வயது தாண்டியவர்களுக்கு ராமகிருஷ்ணபுரத்திலும் முனிர்காவிலும் சாமான் வீட்டுக்கே வரும், ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டாலும் சரி.

ரிடையராகி துவாரகா, நொய்டா என்று போனவர்கள் பலர் இன்றும் மெட்ரோ ஏறி வருகிறீர்கள். கனமான பையோடு நீங்கள் படி ஏறுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வாட்ஸ்ஆப்பில் எழுதிவிடுங்கள். கட்டி வைத்து, ஆர்.கே.புரம் மெட்ரோ பிளாட்பாரத்துக்கே பையன் தூக்கிக்கொண்டு வருவான். அவன் டிக்கெட் கடைச் செலவு.

அவ்வளவுதான். காபி வந்துவிட்டது, டம்ளர் சூடு, பார்த்து வாங்குங்கள். நான் நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன். கூப்பிடக் கூப்பிட வந்து ஃபில்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

"செக்டர் மூன்று, கீழ்வீட்டு மாமி. புழுங்கலரிசி பத்துக் கிலோ, உளுந்து இரண்டு, வெந்தயம் கால்."

மாமி, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் உங்களிடம் வருகிறோம்.