படி

படி, பெ.
அகராதி மெதுவாகத்தான் ஆரம்பிக்கிறது:
ஏறவும் இறங்கவும் அமைத்தது.
வாசற்படி. குளத்துப் படி.
கொலுப்படி, ஒற்றைப்படையில் வைக்க வேண்டும்.
கோர்ட்டுப் படி, ஏறியவர் இறங்குவதற்குள்
நிலம் கைமாறிவிடும்.

அப்பாயி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
அவளுக்கு எழுத்து தெரியாது. படி தெரியும்.
"ஒந் தாத்தன் காலம் பூரா அந்தப் பண்ணையில கெடந்தாரு.
வாசப்படி கல்லா மரமான்னு கேட்டிருந்தா
முழிச்சிருப்பாரு.
கொல்லப்பக்கமாத்தான் போவ வர."

ப. உதடுகள் ஒட்டிப் பிரியும்.
டி. நாக்கு நுனி மேலே வளைந்து
அண்ணத்தைத் தொட்டுவிட்டு விழும்.
ஏட்டில் இது வல்லினம்.
வாயில் இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்டு
பாதி வல்லமை போய்விடுகிறது.
ஓர் ஒற்று சேர்த்தால் திரும்ப வரும்: பட்டி,
மாடு அடைக்கும் இடம்.
தமிழ்ச் சொல்லில் டகரம் முதலில் நிற்காது.
முன்னால் ஒருவர் போனால்தான் பின்னால் வரும்.
இரண்டு குறில், இரண்டு மாத்திரை, ஒரு நிரையசை.
வெண்பாவின் ஈற்றில் தனியாக நின்றால்
இலக்கணம் இதற்கு வைத்திருக்கும் வாய்பாடு, மலர்.

"படிய மலர்ங்கறானா?"
அப்பாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

படி, பெ. முகத்தலளவை.
இங்கே நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்,
அவளே ஒப்பிக்கிறாள்.
ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு.
ரெண்டு உழக்கு ஒரு உரி.
ரெண்டு உரி ஒரு படி.
எட்டுப் படி மரக்கால், பன்னெண்டு மரக்கால் கலம்.
களத்தில் நெல் அளப்பவர்
ஒன்று என்று சொல்ல மாட்டார்.
லாபம் என்று ஆரம்பிப்பார்.
லாபம், ரெண்டு, மூணு, நாலு.
யாருக்கு லாபம் என்று கேட்டேன்.
"அளக்குறவன் கையப் பாரு, தெரியும்" என்றாள்.

கையைக் காட்டினாள்.
பண்ணைக்கு உள்ளே வரும் நெல்லென்றால்
விரல்களை விளிம்பில் வளைத்து அணை கட்டி,
அதற்கு மேல் நெல் சரிந்து சரிந்து
கூம்பாக நிற்கும்வரை.
வெளியே போகும் கூலியென்றால்
கோலை வைத்து ஒரே இழுப்பு, தலை தட்டி.
இழுத்ததும் உள்ளங்கையில் ஒட்டிய நாலு மணியை
அம்பாரத்தின் பக்கமாகவே உதறுவார்களாம்.
இரண்டுக்கும் ஒரே பித்தளைப் படி.
வயிற்றில் வளையம் இரண்டு,
ஒரு பக்கம் நெளிசல்.
நெளிசலிலும் ஒரு பிடி குறையும்,
அதையும் கணக்கில் சொன்னாள்.

படியாள், பெ. கூலியைத் தானியமாகப் பெறும் பண்ணையாள்.
அகராதியில் ஒரே வரி.
1952இல் தஞ்சைப் பண்ணையாளுக்கு ஒரு சட்டம் வந்தது.
1956இல் படிக்கும் மரக்காலுக்கும் சேர்த்து
மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது.
1967இல் சுவரெல்லாம் அரிசி:
ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.
நிச்சயத்துக்கு ஓட்டுப் போட்டதாக அப்பாயி சொல்கிறாள்.
லட்சியத்துக்குப் பாத்திரம் இல்லையாம் வீட்டில்.

படிதல், வி.
அடியில் தங்குதல். வசத்துக்கு வருதல். இணங்குதல்.
வண்டல் படியும், தூசி படியும், கறை படியும்.
எண்ணெய் வைத்தால் முடி படியும்.
தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்தால்
மாட்டு விலை படியும், சில நாள் படியாது.
படு என்ற சொல்லோடு இதற்கு உறவு சொல்வார்கள்.
விழுவதும் கிடப்பதும் கீழே இருப்பதும்
ஒரே குடும்பம்.
மிதிபடும் கல்லும் அதில்தான் சேர்த்தி என்றால்
நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

படித்தல், வி.
பேரகராதி இதற்கு வடக்கே கை காட்டுகிறது:
பட், அந்த ட்-டில் மூச்சு பலமாகக் கலந்தது,
உரக்க ஓதுதல் என்று பொருள்.
மலையாளம் அந்த எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டது.
நமக்கு இருப்பது ஒரே ட.
மூச்சை வாசலிலேயே விட்டுவிட்டு
சொல் மட்டும் உள்ளே வந்தது.
வந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கல்,
ஒரு பித்தளைப் பாத்திரம், கொஞ்சம் வண்டல்.
எல்லோருக்கும் ஒரே பெயர்.
இந்தச் சொல் இங்கேயே பிறந்தது என்பாரும் உண்டு.
வழக்கு நடக்கட்டும்.
பள்ளிக்கூடத்துத் திண்ணையில் அப்பா
கட்டை விரலால் மணலில் அ எழுதியபோது
எந்த மொழிக்காரர் என்று அந்த அ கேட்கவில்லை.

படி, ஏவல்.
எங்கள் வீட்டில் அதிகம் புழங்கியது இதுதான்.
படி. விளக்கு இருக்கும்போதே படி.
சோறு ஆறினால் ஆறட்டும், படி.
ஓர் அசை, ஒரு மலர்,
முதுகில் ஒரு அடியோடு சேர்த்து.

படி, பெ. ஒன்றைப் போன்றது. பிரதி.
பிரதியும் படியும் ஒரே சொல்தான் என்கிறார்கள்,
ரகரத்தை வழியில் உதிர்த்துவிட்டது.
தாலுகா ஆபீசில் எனக்கு வேலையே இது.
பட்டா நகல், அடங்கல் நகல்,
மெய்ப்படி என்று ஒரு முத்திரை, அதன் மேல் கையெழுத்து.
ஒருநாள் வந்த மனுவில் அந்தப் பண்ணையின் சர்வே எண்.
வந்தவருக்கு முடி நரைத்திருந்தது,
மேடம் என்றார்.
வரிசைப்படி உட்காரச் சொன்னேன்.
விதிப்படி கட்டணம் வாங்கினேன்.
கேட்டபடி கொடுத்தேன்.
இந்தப் படிக்கெல்லாம் தனியாக நிற்க வராது,
யார் முதுகிலாவது ஏறித்தான் வரும்.

அப்புறம் சம்பளம்.
பயணப்படி. வீட்டு வாடகைப்படி.
அகவிலைப்படி, பழைய ஆட்கள் வாயில் பஞ்சப்படி.
பஞ்சத்துக்குப் படி கொடுப்பது புதிதில்லை.
திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும்
ஆளுக்கு நாளொரு படிக்காசு.
சம்பந்தர் காசுக்கு மட்டும் கடைக்காரர்கள்
வட்டம் என்று கழிவு பிடித்தார்களாம்.
வாசி தீரவே காசு நல்குவீர் என்று
கடவுளிடமே அரியர்ஸ் கேட்டுப் பாடிவிட்டார்.
எங்கள் சங்கத்தில் அத்தனை நல்ல கோஷம்
இதுவரை எழுதப்படவில்லை.

படி, பெ. பூமி.
நிகண்டு இப்படியும் சொல்கிறது.
அப்பாயியிடம் இதை மட்டும் இரண்டு முறை வாசித்தேன்.
"பூமியா? முழுசுமா?"
ஆமாம், அப்பாயி. மொத்தமும்.
கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றாள்.
"அத அளந்தது யாரு? தல தட்டியா, குமிச்சா?"

எப்படி என்று அகராதி சொல்லவில்லை.
எப்படி, அப்படி, இப்படி மூன்றும்
வேறு பக்கங்களில் இருக்கின்றன.

இத்தனையையும் அவள் விரல்விட்டு எண்ணினாள்:
லாபம், கல்லு.
ரெண்டு, அளவு.
மூணு, வண்டல்.
நாலு, படிப்பு.
அஞ்சு, நகலு.
ஆறு, சம்பளம்.
ஏழு, பூமி.
"ஒரு மரக்காலுக்கு ஒண்ணு கொறையுதே,
சரியாப் பாத்தியா?"

பார்த்துவிட்டேன்.
அடுத்து படிக்கட்டு,
அதற்கு அடுத்த சொல் படிக்கம்.
"அப்படின்னா?"
எச்சில் துப்பும் பாத்திரம், அப்பாயி.
"அத மொதல்ல எடுத்தாடி இங்க.
எவ்வளவு நேரமா வாயில வச்சுகிட்டு இருக்கறது."