வாடகை முற்பணத்தை முழுமையாகத் திருப்பித் தருமாறு கோரல்

உப்புவெளி,
திருகோணமலை.
2025.03.12

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்களது உப்புவெளி வீட்டில் 2022 மார்ச் 1 முதல் 2025 பெப்ரவரி 28 வரை குடும்பத்துடன் வாடகைக்கு இருந்தேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, நான் கொடுத்த 1,80,000 ரூபாய் முற்பணத்தில் பின்னறைச் சுவருக்கு 40,000 ரூபாயும் சன்னல் கிறில்களுக்கு 25,000 ரூபாயும் கழிக்கப்போவதாகக் கூறினீர்கள். அதை ஏற்க முடியாமைக்கான காரணங்களை எழுத்தில் தருவதே முறை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பின்னறைச் சுவரின் பூச்சு உதிர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஈரம் கூரைப் பீலியின் பொருத்து விட்ட இடத்திலிருந்து வருகிறது. கறை மேல் மூலையில் தொடங்கிக் கீழே இறங்குவதைப் பார்த்தாலே இது விளங்கும். தரையோடு சேர்ந்த பகுதி இன்றும் காய்ந்தே இருக்கிறது. 2023 நவம்பர் மழையில் முதன்முதலாக நீர் கசிந்த அன்றே படம் எடுத்துத் தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மழை விட்டதும் மேசனை அனுப்புகிறேன்" என்று பதில் எழுதினீர்கள். மேசன் வரவில்லை. அடுத்த மாரியிலும் அந்த மூலையில் வாளி வைத்தே படுத்தோம். காலையில் சுவரைத் தொட்டால் உவர் வெண்மாவாகக் கையில் ஒட்டும். என் மகளின் கட்டிலை அந்த அறையிலிருந்து மாற்றியதும் அதனால்தான்.

கிறில்களைப் பொறுத்தவரை, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில் உப்புக்காற்றுக்கு இரும்பு துருப்பிடிப்பதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது. குடிவந்த நாளில் தங்கள் தம்பியும் நானும் சேர்ந்து எடுத்த படங்களில், முன்சன்னல் கிறிலின் கீழ்க்கம்பி ஏற்கெனவே துருவேறி இருப்பது தெளிவாகத் தெரிகிறது. நமது ஒப்பந்தத்திலும், இயல்பான பாவனையால் ஏற்படும் தேய்மானத்துக்கு முற்பணத்தில் கழிவு செய்வதில்லை என்றே எழுதியிருக்கிறோம்.

எங்களால் உடைந்தது குளியலறைக் கைகழுவும் தொட்டி ஒன்றே. அதைச் சென்ற ஆண்டே என் செலவில் புதிதாகப் பொருத்திவிட்டேன். ஆணித் துளைகளை அடைத்து, கதவு நிலையில் மகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகளையும் தேய்த்து வர்ணம் பூசிய பின்னரே சாவியைத் தங்கள் தம்பியிடம் ஒப்படைத்தேன். வாடகை ஒரு மாதமேனும் பிந்தியதில்லை. மின்சார, நீர்ப் பட்டியல்களும் பெப்ரவரி வரை கட்டப்பட்டுள்ளன. படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

மூன்று ஆண்டுகள் தாங்கள் எங்களிடம் அன்பாகவே நடந்துகொண்டீர்கள். தைப்பொங்கலுக்குத் தங்கள் வீட்டிலிருந்து வந்த பொங்கலை என் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே இவ்விடயம் மத்தியஸ்த சபை வரை போவதை நான் விரும்பவில்லை. புதிய வீட்டின் முற்பணத்துக்காகக் கைமாற்று வாங்கியிருப்பதால், 1,80,000 ரூபாயையும் எவ்விதக் கழிவுமின்றி மார்ச் 31ஆம் திகதிக்கு முன்னர் எனது வங்கிக் கணக்கில் வைப்பிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். சுவரை நேரில் பார்த்துப் பேச விரும்பினால், எந்த நாள் மாலையிலும் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உப்புவெளி வீட்டின் முன்னாள் வாடகையாளர்