கருத்தரங்கப் பை அடுக்கும் வரிசை: சரிபார்ப்புப் பட்டியல்

நிகழ்ச்சி: கரிசல் நிலத்தில் மானாவாரி வேளாண்மை, இரண்டு நாள் கருத்தரங்கு, கோவில்பட்டி, 2026 பிப்ரவரி 13, 14 (வெள்ளி, சனி)
பை அடுக்கும் நாள்: பிப்ரவரி 12, வியாழன், மதியம் 2 மணி, தாவரவியல் ஆய்வகம்
ஆட்கள்: தன்னார்வ மாணவர்கள் 8 பேர், பொருள் பொறுப்பாளர் ஒருவர்

எத்தனை பை? பதிவு செய்த பேராளர்கள் 228, பேச்சாளர்கள் 12, கூடுதல் 10. ஆக 250. ஒரு சுற்றுக்கு 25 பை என்று 10 சுற்று. நம் குழுவினருக்குப் பை கிடையாது. கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் பொறுப்பாளரிடம் அனுப்பிவிடுங்கள்.

ஒரு பைக்குள் இருக்க வேண்டியவை

□ ஆய்வுச் சுருக்க மலர் – 1 (மொத்தம் 250)
□ ஸ்பைரல் நோட்டு – 1 (250)
□ நீலப் பேனா – 1 (250)
□ நிகழ்ச்சி நிரல் – 1 (250)
□ கல்லூரி வரைபடம் – 1 (250)
□ கருத்துப் படிவம் – 1 (250)
□ சாப்பாட்டு டோக்கன் – 3 (750): வெள்ளி மதியம் மஞ்சள், வெள்ளி இரவு ரோஸ், சனி மதியம் பச்சை
□ கடலை மிட்டாய், 50 கிராம் காகிதப் பொட்டலம் – 2 (500)

பையை விட்டுவிட்டு எண்ணினால் 11 உருப்படி. வேறு எதுவும் உள்ளே போகாது. கடைசி நேரத்தில் யாராவது உரக் கம்பெனி நோட்டீஸ் கொண்டுவந்து "இதையும் ஒண்ணு வெச்சிருங்க" என்றால், வாங்கிப் பதிவு மேசையில் வையுங்கள். வரிசைக்குள் நுழைய விடாதீர்கள். பெயர் அட்டையும் பைக்குள் கிடையாது. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். உள்ளே வைத்துவிட்டால் 250 பையையும் ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுக்க வேண்டி வரும். அகர வரிசைப்படி பதிவு மேசையிலேயே இருக்கட்டும்.

பிளாஸ்டிக் உறை எதற்கும் போட வேண்டாம். மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது; நாம் கொடுப்பதே மஞ்சப்பை. அதற்குள் பாலிதீன் கவர் இருந்தால் பார்ப்பவர் சிரிப்பார்.

முந்தின நாள், புதன்கிழமை

□ டோக்கன் தாள்களை வெட்டுவது. ஒரு தாளில் 25 டோக்கன், நிறத்துக்கு 10 தாள், மொத்தம் 30 தாள். ஒரு தாள் ஒரு சுற்றுக்குச் சரியாக வரும். வெட்டியதும் 25 கொண்ட கட்டாக ரப்பர் பேண்ட் போடுங்கள். மூன்று நிறத்தையும் கலக்க வேண்டாம்.
□ நிரலை நடுவில் மடித்து, மூன்று டோக்கனையும் (மேலே மஞ்சள், அடுத்து ரோஸ், கடைசியில் பச்சை) அதன் இடது மேல் மூலையில் ஒரே பின்னால் அடிப்பது. டோக்கனைத் தனியாகப் பைக்குள் போடவே கூடாது. தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும், விழுந்தாலும் தெரியாது. சமையல்காரர் டோக்கனை எண்ணித்தான் பணம் வாங்குகிறார்.
□ டோக்கன் அடித்த நிரலுக்குள் வரைபடம் 1, படிவம் 1 செருகுவது. இதைத் "தாள் செட்" என்போம். 25 செட்டுக்கு ஒரு கட்டு, 10 கட்டு.
□ பேனாவின் கிளிப்பை நோட்டின் ஸ்பைரலில் மாட்டுவது. சும்மா போட்டால் பையின் அடித்தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பேராளர் பேனா வரவில்லை என்பார்.
□ மாதிரிப் பை ஒன்றைப் பொறுப்பாளர் கையாலேயே அடுக்கி, எடைபோட்டு, சரிபார்ப்பு மேசையில் வைப்பது. சந்தேகம் வந்தால் ஒருவரையொருவர் கேட்க வேண்டாம், அதைப் பாருங்கள். இதுவும் 250-ல் ஒன்று; பத்தாம் சுற்று முடிந்ததும் பெட்டிக்குள் போகும். அதனால் அந்தச் சுற்றுக்கு மட்டும் எல்லாப் பொருளும் 24 பைக்குத்தான் வழங்கப்படும்.
□ மிட்டாய்ப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மேசை மேல், ஜன்னல் வெயில் படாத பக்கம் வைப்பது. புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாய் என்பது எறும்புக்கும் தெரியும்.

வியாழன், வரிசை

முக்கியமான விதி ஒன்றுதான். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சுற்றுக்குரிய பொருளை மட்டும் பொறுப்பாளர் எண்ணிக் கொடுப்பார். சுற்று முடியும்போது எல்லா மேசையும் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது மிஞ்சினால் ஒரு பையில் அது குறைகிறது. நடுவில் தீர்ந்துபோனால் ஒரு பையில் இரண்டு விழுந்திருக்கிறது. மிஞ்சியதை அடுத்த சுற்றில் சேர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த 25-ஐயும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

□ மேசை 1 (ஒருவர்): பை 25. உள்புறம் கை விட்டுத் தையல் பார்ப்பது, இரண்டு கைப்பிடியையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது, அச்சு மங்கியதை ஒதுக்குவது.
□ மேசை 2 (இருவர்): மலர் 25, பேனா மாட்டிய நோட்டு 25. மலர் பின்பக்கம், நோட்டு முன்பக்கம், ஸ்பைரல் மேலே. இந்த அடுக்கு மாறினால் மேசை 5-ல் ஒரே பார்வையில் பார்க்க முடியாது.
□ மேசை 3 (ஒருவர்): தாள் செட் 25. இரண்டுக்கும் நடுவில் செருகுவது, டோக்கன் மூலை வெளியே தெரியும்படி.
□ மேசை 4 (ஒருவர்): மிட்டாய் 50. ஒரு கைக்கு ஒன்றாக இரு கையாலும் எடுத்து ஒன்றாகப் போடுவது. ஒவ்வொன்றாகப் போட்டால், பேசிக்கொண்டே இருக்கும்போது ஒன்றா இரண்டா என்று மறந்துவிடும். உடைந்த பொட்டலத்தைத் தின்றுவிட வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள்.
□ மேசை 5 (இருவர்): ஒருவர் தராசில், ஒருவர் கண்ணால். மாதிரிப் பை 418 கிராம். 406 முதல் 430 வரை சரி. துணியும் மிட்டாயும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.
□ மேசை 6 (ஒருவர்): பெட்டியில் 25 அடுக்கி, சுற்று எண் எழுதுவது. ஒரு பெட்டி பத்தரை கிலோ வரும், ஒருவரே தூக்கலாம்.

தராசு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது. மலரோ நோட்டோ ஒரு மிட்டாயோ குறைந்தால் முள் சொல்லிவிடும். பேனா 8 கிராம்தான், ஒரு ஏ4 தாள் நாலரை கிராம்கூட இல்லை, டோக்கன் மூன்றும் சேர்ந்தே ஒரு கிராம் அளவு. இவை குறைந்தாலும் எடை அந்த வரம்புக்குள்ளேயே நிற்கும். அதனால் கண்ணால் பார்ப்பவர் ஒவ்வொரு பையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பேனா, மஞ்சள், ரோஸ், பச்சை, வரைபடம், படிவம்." ஐந்தாம் சுற்று முடிந்து டீ குடித்ததும் இந்த இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

மாற்றுப் பெட்டி

பொறுப்பாளரிடம் பூட்டி இருக்கும்: பை 5, மலர் 5, நோட்டு 5, பேனா 10, மிட்டாய் 10. பழுதானதைக் கொடுத்தால்தான் புதியது. டோக்கனுக்கு மாற்று கிடையாது. கிழிந்தால் கிழிந்ததைக் கொண்டுவாருங்கள், டேப் ஒட்டி அதே நிரலில் திரும்ப அடிக்கப்படும்.

ஒப்படைப்பு

□ பெட்டி 1 முதல் 10 வரை, ஒவ்வொன்றிலும் 25. பத்தாவது பெட்டியில் மாதிரிப் பையும் அடக்கம்.
□ ஒவ்வொரு பெட்டிச் சீட்டிலும் மேசை 5-ல் இருந்த இருவரின் கையெழுத்து.
□ மாற்றுப் பெட்டியில் மீதியும் பழுதும் சேர்ந்து தொடக்க எண்ணிக்கைக்குச் சரியாக வருகிறதா?
□ பெட்டி 10-லிருந்து கூடுதல் பை 10-ஐயும் எடுத்துத் துறைத்தலைவர் அறை பீரோவில் பூட்டுவது. ஒவ்வொன்றிலும் மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது.
□ மீதி 240 பையும் அன்று மாலையே பதிவு மேசைக்குப் பின்னால், பெஞ்சு மேல். வெள்ளி காலை 8 மணிக்குப் பதிவு மேசைக்காரர் எண்ணி வாங்கிக் கையெழுத்திடுவார். அதுவரை சாவி பொறுப்பாளரிடம்.