சிவப்பு ரிப்பன் கட்டிய கயிறு

ராமநாதபுரத்துப் பக்கம் போனால் பல ஊர்ப் பெயர்கள் 'ஏந்தல்' என்று முடியும். ஏந்தல் என்றால் மழைத் தண்ணீரை ஏந்தி வைத்துக்கொள்கிற சின்ன ஏரி. செல்வியின் ஊருக்கும் ஆவாரேந்தல் என்றுதான் பெயர். ஆனால் நம் கதை நடந்த அந்தக் கோடையில், ஊரில் ஏந்தி வைக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

ஊர்க் கோடியில் ஓர் ஊருணி. ஊருணிக் கரையில் ஒரு கிணறு. கிணற்றைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகள். அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அந்தக் கிணறு ஒன்றுதான். வேறு எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். வாயில் வைக்க முடியாது. ஊருணியில் தேங்கிய மழைநீர் மண்ணுக்குள் கசிந்து வருவதால் அந்த ஒரு கிணறு மட்டும் இளநீர் மாதிரி இனிக்கும்.

செல்விக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பின்னல் போட இரண்டு சிவப்பு ரிப்பன்கள் இருந்தன. அதில் ஒன்றுதான் இந்தக் கதையில் பெரிய வேலை செய்யப்போகிறது.

சித்திரை மாதம் கிணறு வற்ற ஆரம்பித்தது. வாளியை விட்டால் 'தொபுக்' என்று கேட்கும் சத்தம் போய், 'டங்' என்று பாறையில் இடிக்கிற சத்தம் வந்தது. அடியில் கலங்கல் தண்ணீர் கொஞ்சம்தான் கிடந்தது. அதை முதலில் யார் எடுப்பது?

யாசின் வீட்டில் விடியக்காலை ஐந்து மணிக்கு வந்தார்கள். அது தெரிந்ததும் செல்வியின் அம்மா நாலு மணிக்கு எழுந்தாள். பக்கத்து வீட்டுக் காளியம்மா மூன்று மணிக்கே குடத்தோடு நின்றாள். சந்தானம் மாமா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு நடுச்சாமத்தில் வந்தார். கடைசியில் ஊரில் யாருமே தூங்கவில்லை. இரவெல்லாம் கப்பி 'கிரீச், கிரீச்' என்று கத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வாளி போய் இடித்தால் தண்ணீர் தெளியுமா? சேறும் தண்ணீருமாக வரும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதியைக் கீழே கொட்டுவார்கள்.

தூக்கம் போனதும் கோபம் வந்தது. "உன் மாடு குடிச்சதாலதான் கிணறு வத்துச்சு", "நீ துணி துவைச்சதாலதான்" என்று ஒருவரை ஒருவர் ஏசினார்கள்.

செல்வியின் அப்பத்தாவுக்கும் காளியம்மாவுக்கும் பேச்சு நின்று ஏற்கெனவே ஆறு வருடம். அப்பத்தாவின் பித்தளைச் செம்பு ஒருநாள் கிணற்றடியிலிருந்து காணாமல் போய்விட்டது. அன்று கடைசியாகத் தண்ணீர் எடுத்தது காளியம்மா. "அவதான் எடுத்திருப்பா" என்றாள் அப்பத்தா. அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியில் முள் இன்னும் கூடிப்போனது.

வைகாசியில் பக்கத்து ஊர்த் திருவிழா வந்தது. எல்லாரும் சாயங்காலமே கிளம்பிப் போனார்கள். செல்விக்குக் காய்ச்சல். அவளும், நடக்க முடியாத ஐயாவும் மட்டும் ஊரில் இருந்தார்கள். ஐயா என்றால் அவளுடைய தாத்தா. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று ராத்திரி கப்பி கத்தவில்லை.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. செல்வி மெதுவாகக் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே வானம் தெரிந்தது! கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். அதில் நீல வானமும், குட்டியாக அவள் முகமும்.

"ஐயா! கிணத்துல தண்ணி ஊறியிருக்கு!"

ஐயா திண்ணையிலிருந்து கேட்டார்: "எவ்வளவு?"

எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? செல்வி யோசித்தாள். வாளியை மெதுவாக இறக்கினாள். வாளியின் அடி தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தி, கயிறு கப்பியைத் தொடுகிற இடத்தில் தன் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். பிறகு வாளி தரையில் உட்காரும்வரை இறக்கினாள். ரிப்பன் கப்பியைத் தாண்டிக் கீழே இறங்கியது. கப்பிக்கும் ரிப்பனுக்கும் நடுவே எவ்வளவு கயிறு இருக்கிறதோ, அவ்வளவு ஆழம் தண்ணீர். மூன்று சாண் இருந்தது!

ஐயா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கிணறு வத்தலை தாயி. ஊத்துக்கண் மெதுவாத்தான் சுரக்கும். நம்மதான் அதை ஊற விடலை."

திருவிழாவிலிருந்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிணற்றின் குறுக்கே செல்வி கையை விரித்துக்கொண்டு நின்றாள். யாசினும் வந்து அவள் பக்கத்தில் நின்றான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் நின்றான். நல்ல சிநேகிதன் அப்படித்தான்.

"எல்லாரும் முதல்ல எட்டிப் பாருங்க!" என்றாள் செல்வி.

பார்த்தார்கள். பன்னிரண்டு வீட்டு முகங்களும் தெளிந்த தண்ணீரில் ஒன்றாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அன்று ஒரே வாளியால், கலக்காமல், மெதுவாக இறைத்தார்கள். யாசின் எண்ணினான். இருபத்து நாலு குடம் வந்தது. வீட்டுக்கு இரண்டு குடம்! அதற்குப் பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒரு தடவை மட்டும் இறைப்பு. மற்ற நேரமெல்லாம் கிணறு ஊற வேண்டும். இரவில் யாரும் வாளி போடக் கூடாது. தனியாக இருந்த செவத்தப் பாட்டி, "எனக்கு ஒரு குடம் போதும்யா. இன்னொண்ணைப் பச்சப்புள்ள இருக்கிற வீட்டுக்குக் குடுங்க" என்றாள்.

ஊர் மறுபடி தூங்கியது.

ஆனால் இரண்டு குடத்தில் எத்தனை நாள் ஓட்டுவது? ஐயாதான் அடுத்த வழியைச் சொன்னார். "கிணத்துல சேறு ஏறி ஊத்துக்கண்ணை அடைச்சுக் கெடக்கு. நான் வாலிபனா இருந்தப்ப வருஷா வருஷம் தூர் வாருவோம். வீட்டுக்கு ஓர் ஆள் வரணும்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார்கள். சில வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பழைய கிணற்றில் எடுத்த எடுப்பில் இறங்கிவிடக் கூடாது. உள்ளே கெட்ட காற்று தேங்கியிருக்கும். முதலில் வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டினார்கள். பிறகு ஏற்றிய விளக்கை இறக்கினார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். விளக்கு அடிவரை எரிந்தது. அதன் பிறகுதான் செல்வியின் அப்பாவும் யாசினின் வாப்பாவும் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள். பிள்ளைகள் கிணற்றடியிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று ஐயா கோடு கிழித்துவிட்டார்.

சட்டி சட்டியாகச் சேறு மேலே வந்தது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, அங்கிருந்து அடுத்த கைக்கு. அந்த வரிசையில் அப்பத்தாவுக்கு அடுத்து நின்றது யார் தெரியுமா? காளியம்மா! இருவரும் முகத்தைப் பார்க்காமல் சட்டியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

சேற்றோடு என்னென்னவோ வந்தன. துருப்பிடித்த ஏழு வாளிகள். ஒரு சிலேட்டு. யாசின் தேடித் தேடி அழுத ரப்பர் பந்து. "என் கரண்டி!" "என் தூக்குச்சட்டி!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சந்தானம் மாமா வீட்டுப் பாதாளக் கரண்டிகூட வந்தது. கிணற்றில் விழுந்த பொருளைக் கொக்கி போட்டு எடுப்பதற்கு இருக்கிற கருவி அது. அதுவே கிணற்றில் கிடந்தால் அதை யார் எடுப்பது!

பிறகு ஒரு சட்டி வந்தது. அப்பத்தா வாங்கியபோது உள்ளே ஏதோ 'ணங்' என்றது. கையை விட்டுத் துழாவினாள். கறுப்பாக, உருண்டையாக ஒரு செம்பு. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. 'ரா. ராக்கம்மாள்.'

அப்பத்தாவின் பெயர்.

வரிசை நின்றது. காளியம்மா அந்தச் செம்பைப் பார்த்தாள். அப்பத்தாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காலியான கையை அடுத்த சட்டிக்காக நீட்டினாள். அப்பத்தாவுக்குத் தலை நிமிரவே முடியவில்லை.

அடியில் வெள்ளைக் களிமண் தெரிந்ததும் ஐயா, "போதும், நிறுத்துங்கப்பா! இன்னும் தோண்டினா உப்பு வந்துரும்" என்றார். சேறு எடுத்த இடத்தில் மூன்று ஊற்றுக்கண்கள் திறந்து, முணுமுணுவென்று சுரந்தன. மறுநாள் காலையில் நாற்பது குடத்துக்குமேல் வந்தது. எடுத்த சேற்றை எல்லாரும் வயலுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பத்தா புளி போட்டு அந்தச் செம்பைத் தேய்த்தாள். தங்கம் மாதிரி மின்னும்வரை தேய்த்தாள். அதில் மோர் ஊற்றிக்கொண்டு, வேலியைச் சுற்றிக் காளியம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். செல்வி பின்னாலேயே போனாள்.

"மதினி" என்றாள் அப்பத்தா. ஆறு வருடமாகச் சொல்லாத வார்த்தை. தொண்டை அடைத்தது. "நான் சொன்னது தப்பு மதினி."

காளியம்மா செம்பை வாங்கினாள். அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மோருக்கு உப்புப் பத்தலை. உள்ள வந்து உட்காரு, எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஊருணிக்கு மழைத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேல முள் மூடிக்கிடந்தது. அதனால்தான் போன வருடம் பெய்த மழை ஊருணிக்கு வராமல் வேறு பக்கம் ஓடிவிட்டது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் முள்ளை வேரோடு வெட்டினார்கள். ஓரிடத்தில் வாய்க்காலுக்கு நடுவே சந்தானம் மாமாவின் வைக்கோல் படப்பு இருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் கயிறும் சாக்கும் எடுத்து வந்தார். பன்னிரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே காலையில் படப்பை மேட்டுக்கு மாற்றினார்கள்.

ஐப்பசி பிறந்தது. நான்காவது நாள் ராத்திரி, தகரக் கூரையில் கல்லை அள்ளி வீசியது போல மழை இறங்கியது. யாரும் படுத்திருக்கவில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லாரும் வரத்துக்காலுக்கு ஓடினார்கள். செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாக, தண்ணீர் உருண்டு வந்தது. "வருது! வருது!" என்று கத்திக்கொண்டே யாசின் அதற்கு முன்னால் ஓடினான். தண்ணீர் அவனைத் துரத்திக்கொண்டே ஊருணிக்குள் இறங்கியது.

மழை விட்டு விட்டு ஒரு மாதம் பெய்தது. ஊருணித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குக் கசிய நாளாகும் என்று ஐயா சொல்லியிருந்தார். செல்வி தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை. வாளியைக் கயிற்றில் மாட்டி இறக்கினாள். சிவப்பு ரிப்பன் இன்னும் கயிற்றில் அப்படியேதான் இருந்தது. கோடையில் அந்த ரிப்பன் கப்பிக்கு வந்த பிறகுதான் வாளி தண்ணீரைத் தொடும். இன்று நாலு கை கயிறு விட்டதுமே,

'தொபுக்!'

செல்வி குனிந்து பார்த்தாள். மீதிக் கயிறெல்லாம் சுருள் சுருளாக அவள் காலடியில் கிடந்தது. நனையாத அந்தச் சுருளின் நடுவில் சிவப்பு ரிப்பன்.