அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் முன் எழுத்துமூலச் செலவு மதிப்பீடு கோருதல்

திருச்சிராப்பள்ளி,
12.06.2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற சனிக்கிழமை தங்கள் கடையில் காட்டிய, சாவி கொடுத்து ஓடும் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் பற்றி எழுதுகிறேன். காலஞ்சென்ற என் தந்தையார் கட்டியிருந்த அக்கடிகாரம் இப்போது நாளொன்றுக்குச் சுமார் பத்து நிமிடம் பின்தங்குகிறது. சாவி திருகுவதும் இறுக்கமாக இருக்கிறது.

பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவதற்கான கூலியையும், மெயின் ஸ்பிரிங், கண்ணாடி போன்றவற்றை மாற்ற நேர்ந்தால் ஆகும் விலையையும் தனித்தனியே குறித்து, அவை அசல் உதிரிபாகங்களா, வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுப்பவையா என்பதையும் தெரிவித்து, கையொப்பமிட்ட மதிப்பீடு ஒன்றைத் தர வேண்டுகிறேன். வேலை முடிய எத்தனை நாளாகும், அதன்பின் எவ்வளவு காலத்துக்குத் தாங்கள் பொறுப்பேற்பீர்கள் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

டயலுக்குப் புதுச் சாயம் பூசவோ, கூட்டைப் பாலிஷ் செய்யவோ வேண்டாம். மங்கிய அந்த முகம்தான் எங்கள் வீட்டார் அறிந்தது. மாற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தர வேண்டுகிறேன்.

மதிப்பீட்டைப் பார்த்து நான் எழுத்தில் சம்மதம் தெரிவித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். திறந்து பார்ப்பதற்குக் கட்டணம் இருந்தால், கடிகாரத்தை ஒப்படைக்கும்போதே செலுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
ச. முருகேசன்