இடைவேளை பாப்கார்னுக்கு மட்டுமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் படத்தில் இடைவேளை என்பது ஓய்வு இல்லை; திரைக்கதையின் முதுகெலும்பு. நாயகன் உண்மையில் யாரென்று காட்டும் ஒரே ஒரு ஷாட், சட்டென்று இருட்டு. அந்த நொடிக்காகவே முதல் பாதி முழுக்க நம்மை ஏமாற்றியிருப்பார்கள்.

"கேன்டீன் வியாபாரத்துக்காகத்தானே நிறுத்துகிறார்கள்?" சரி, வருமானம் உண்மைதான். ஆனால் இங்கே ஹாலிவுட் படத்தையும்தான் நடுவில் வெட்டுகிறார்கள், சில சமயம் காட்சி முடிவதற்குள்ளேயே. அதே பாப்கார்ன். யாருக்காவது புல்லரித்ததா? நிறுத்துவது தியேட்டர், எங்கே நிறுத்தினால் வலிக்கும் என்று எழுதுவது திரைக்கதையாசிரியர்.

அப்புறம், ஓடிடியில் கவனித்தீர்களா? வீட்டு சோபா, கையில் ரிமோட், கேன்டீன் கிடையாது. அங்கேயும் பல படங்களில் 'இடைவேளை' என்று எழுத்து வருகிறது. யாரும் எழுந்து போவதில்லை. அடுத்த ஷாட் தானாக ஓடத் தொடங்குகிறது.